90-ஆ, 88-ஆ? ஷார்ட்டேஜ் லிஸ்ட் போடும் முன்

*மேடம், வணக்கம். கடலூர்ப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டுக்கு இந்த முறை நான்தான் வகுப்பு ஆசிரியர். மழையோடு மழையாக செமஸ்டர் முடிந்துவிட்டது. அட்டெண்டன்ஸ் சதவீதம் போட்டு ஷார்ட்டேஜ் லிஸ்டை திங்கட்கிழமைக்குள் தரச் சொல்கிறார்கள். மூன்று பேர் இடிக்கிறார்கள். ஒரு பெண் 74.44, ஒரு பையன் 64.44, இன்னொருவன் 47.78. 74.44-ஐ 75 என்று போட்டுவிடலாமா? கண்டோனேஷன் எதுவரைக்கும் கொடுக்கலாம்? யாரைப் பரீட்சை எழுத விடலாம்?*

உங்கள் மூன்று எண்களையும் 90-ஆல் பெருக்கிப் பார்த்தேன். 67, 58, 43 என்று மூன்றுமே முழு நாளாக வந்து நின்றன. அப்படியென்றால் கல்லூரி காலண்டரின் கடைசிப் பக்கத்தில் "மொத்த வேலை நாட்கள் 90" என்று அச்சடித்திருப்பார்களே, அதை எடுத்து வகுத்திருக்கிறீர்கள். பதிவேட்டில் எத்தனை நாள் வகுப்பு நடந்திருக்கிறது என்று எண்ணவில்லை. புதிதாகப் பொறுப்பு ஏற்பவர்கள் எல்லாரும் செய்வதுதான், நானும் முதல் வருடம் செய்தேன். 74.44-ஐ 75 ஆக்கலாமா என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன். அந்த 74.44-ஏ சரியா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

காலண்டர் அச்சாவது ஜூனில். நம் ஊரில் மழை வருவது அக்டோபர், நவம்பரில். கலெக்டர் விடுமுறை விட்ட நாளில் வகுப்பு இல்லை, ஆகவே அது வேலை நாளும் இல்லை. யாரும் வரவில்லை என்பதற்காக அதை யார் தலையிலும் ஆப்சென்டாகக் கட்ட முடியாது. விட்ட நாளுக்கு ஈடாகச் சனிக்கிழமை கல்லூரி வைத்திருந்தால் அது வேலை நாள், அதைச் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு உங்கள் கல்லூரியில் மழைக்காக ஐந்து நாள் போய், மூன்று சனிக்கிழமை ஈடு செய்திருந்தால், நடந்தது 88 நாள். இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். 67-ஐ 88-ஆல் வகுத்தால் 76.14. 58-க்கு 65.91. 43-க்கு 48.86. 75-ஐத் தாண்டிவிட்டதால் அந்தப் பெண் ஷார்ட்டேஜிலேயே இல்லை. 65-ஐத் தாண்டியதால் பையன், குறைவைப் பொறுத்துக் கட்டணத்தோடு எழுத விடும் கண்டோனேஷனுக்குள் வந்துவிட்டான். மூன்றாமவன் மட்டும் 50-க்குக் கீழே அதே படியில்தான் நிற்கிறான். மாணவர்கள் அதே நாட்கள்தான் வந்தார்கள். மாறியது கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்.

ஆனால் 88 என்பது நான் சொன்ன உதாரணம். உண்மை எண்ணை நீங்களாக முடிவு செய்யவும் கூடாது. அது கல்லூரி முழுக்க ஒன்றாக இருக்க வேண்டிய எண். ஒரு துறை 88, பக்கத்துத் துறை 90 என்று போட்டால், ஒரே நாட்கள் வந்த இரண்டு பேரில் ஒருவர் எழுதுவார், ஒருவர் வெளியே நிற்பார். முதல்வர் அலுவலகத்தில் கேட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை வேலை நாள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் 90 நாள் எதிர்பார்க்கும்போது கல்லூரி 88 நடத்தியிருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கல்லூரி. நடக்காத இரண்டு நாளை மாணவர் கணக்கில் கழிப்பதில் நியாயம் இல்லை.

எழுத்தில் வாங்கிய பிறகு உங்கள் பதிவேட்டைப் பிரித்து, தேதி தேதியாக அந்த எண்ணோடு பொருத்திப் பாருங்கள். நம் பக்கத்தில் மூன்று இடங்களில் இடறும்.

முதலாவது, காலை எட்டரை ஒன்பதுக்கு வரும் விடுமுறை அறிவிப்பு. அதற்குள் முதல் மணி அடித்து, தேவனாம்பட்டினம், மஞ்சக்குப்பம் போன்ற பக்கத்து இடத்துப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். யாரோ ஒரு ஆசிரியர் அட்டெண்டன்ஸும் எடுத்திருப்பார். பண்ருட்டி, நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்கு வரிசையாக a விழுந்திருக்கும். அந்த நாள் வேலை நாள் இல்லை என்று அலுவலகம் சொன்னால், அந்தப் பத்தியையே அடித்துவிட வேண்டும். ஆப்சென்ட் மட்டுமல்ல, வந்தவர்களுக்குப் போட்ட பிரசென்டும் போகும். இதை மறந்தால் வகுக்கும் எண்ணில் 88 இருக்கும், வந்த நாட்களில் 89-ஆவது நாளின் அரை நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் பையனின் 58-ல் அப்படி இரண்டு அரை நாள் இருந்தால் அது 57 ஆகி, 64.77-க்கு இறங்கிவிடும். அதனால்தான் 88 என்று கேட்டதும் சந்தோஷப்பட்டு பேனாவை மூடிவிடாதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது, "பள்ளிகளுக்கு மட்டும்" விடுமுறை. டிவியில் கடலூர் என்று ஓடியதைப் பார்த்துவிட்டுப் பாதி வகுப்பு வீட்டில் இருந்துவிடும். கல்லூரி நடந்திருக்கும். அது வேலை நாள்தான், வராதவர் ஆப்சென்ட்தான். இதிலேயே இன்னொரு கிளை உண்டு. பாகூர், கன்னியக்கோயில், முள்ளோடைப் பக்கத்திலிருந்து கடலூருக்கு வந்து படிக்கும் பிள்ளைகள் ஏராளம். புதுச்சேரி அரசு விடுமுறை விட்டு, கடலூர் கலெக்டர் விடாத நாட்கள் ஒவ்வொரு மழைக்கும் ஒன்றிரண்டு வரும். அன்று அந்தப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 16-ம் நவம்பர் 1-ம் புதுச்சேரியில் விடுமுறை, நமக்கு இல்லை. அன்றைக்கும் சில பெயர்களுக்கு நேராக a இருக்கும். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் கல்லூரி கடலூர் மாவட்டத்தில் இருக்கும்வரை அது ஆப்சென்ட். வேண்டுமானால் முதல்வர் எழுத்தில் விலக்குத் தரலாம், வகுப்பு ஆசிரியர் தானாக a-வை அழிக்க முடியாது.

மூன்றாவது, உள்ளூர் விடுமுறையின் ஈடு. ஆருத்ரா தரிசனம் போன்றவற்றுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டால், வேறொரு சனிக்கிழமை வேலை நாள் என்று அதே உத்தரவில் இருக்கும். விடுமுறையை எல்லாரும் நினைவு வைத்திருப்பார்கள். சனிக்கிழமையைப் பதிவேட்டில் ஏற்ற மறந்துவிடுவார்கள். டே ஆர்டர் தொடர்ச்சியாக எழுதியிருந்தால் இது சட்டென்று தெரியும். வெள்ளி நான்காம் டே ஆர்டர், அடுத்த பத்தி திங்கள் ஆறாம் டே ஆர்டர் என்று இருந்தால் நடுவில் ஒரு சனிக்கிழமை காணோம் என்று அர்த்தம்.

சரி, கீழ் எண் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மேல் எண். இதற்கு ஒரே ஒரு சோதனைதான் எனக்கு வருடக்கணக்காகக் கைகொடுத்தது: ஒரு மாணவர் வந்தவையும் வராதவையும் சேர்ந்தால் நடந்தவற்றுக்குச் சமமாக வேண்டும். கேட்கச் சின்னப்பிள்ளைக் கணக்கு மாதிரி இருக்கும். பெரும்பாலானோர் வந்ததை மட்டும் எண்ணுவார்கள், வராததை எண்ண மாட்டார்கள். எண்ணினால்தான் பிழை வெளியே வரும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். அந்த வருடம் 87 வேலை நாள். காலை ஒரு செஷன், மதியம் ஒரு செஷன் என்று அரை நாளாகப் பதிவு, ஆக மொத்தம் 174 அரை நாள். பதிவேட்டில் வந்தவருக்கு 1, 2, 3 என்று ஓடும் எண்ணும், வராதவருக்கு a-வும் போடும் வழக்கம். கடைசிப் பத்தியில் என்ன எண் நிற்கிறதோ அதுதான் வந்த அரை நாட்கள். வசதியான முறை, கூட்டவே வேண்டாம். ஆபத்தும் அதில்தான்.

வரிசை எண் 31-க்குக் கடைசியில் 112 நின்றது. 112-ஐ 174-ஆல் வகுத்தால் 64.37. கண்டோனேஷன் கோட்டுக்குக் கீழே. அந்தப் பையனை எழுத விடக் கூடாது என்று வகுப்பு ஆசிரியர் லிஸ்ட் போட்டுவிட்டார். லிஸ்ட் என் மேஜைக்கு வந்தபோது, 65-ஐ ஒட்டி நிற்கிறதே என்று அவன் வரிசையில் இருந்த a-க்களை மட்டும் எண்ணினேன். 60. 112-உம் 60-உம் 172. நடந்தது 174. இரண்டு அரை நாள் எங்கேயோ காணாமல் போயிருக்கிறது.

தேடினேன். முதலாவது பக்கம் திரும்பும் இடத்தில் இருந்தது. செப்டம்பர் பக்கம் 70-ல் முடிந்திருந்தது. அக்டோபர் பக்கத்தின் முதல் கட்டத்தில் 71 வர வேண்டும், மறுபடியும் 70 என்று எழுதித் தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்து கடைசி வரை எல்லா எண்ணும் ஒன்று குறைவு. இரண்டாவது, நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அவன் கட்டம் வெறுமையாக இருந்தது. எண்ணும் இல்லை, a-வும் இல்லை. வெறும் கட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் எழுதியவர், முந்தைய எண்ணிலிருந்து தொடர்ந்துவிட்டார்.

அந்த வெறும் கட்டத்துக்கு என்ன போடுவது? இங்கேதான் செங்குத்தாகவும் எண்ணிப் பார்க்க வேண்டும். வகுப்பில் 58 பேர். அந்தப் பத்தியில் வந்தவர் 40, a 17, மொத்தம் 57. ஆக அந்த ஒரு கட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் சரி. அன்று மதியம் பகுதி ஒன்று தமிழ் வகுப்பு இருந்தது. அதைப் பல துறை மாணவர்களையும் சேர்த்துத் தமிழ்த் துறையில் எடுப்பார்கள், அவர்களிடம் தனிப் பதிவேடு இருக்கும். போய்ப் பார்த்தேன், வந்திருக்கிறான். இரண்டையும் சேர்த்தால் 114. a 60. கூட்டினால் 174, இடிக்கவில்லை. 114-க்கு 65.52. கண்டோனேஷன் கட்டி எழுதினான்.

அதே பதிவேட்டில் எதிர்ப்பக்கப் பிழையும் இருந்தது. ஒரு பெண்ணுக்கு 45, a, 47 என்று எழுதியிருந்தார்கள். வராத நாளையும் தாண்டி எண் குதித்துவிட்டது. அவளுக்குக் கூட்டல் 175 வந்தது. அவள் 75-க்கு மேல் எங்கேயோ இருந்தாள், திருத்தினாலும் எதுவும் மாறாது. ஆனாலும் திருத்தினேன். பையனுக்குக் கூட்டிவிட்டு இவளுக்குக் குறைக்காமல் விட்டால், நாளைக்கு யாராவது பதிவேட்டைக் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

நீங்கள் எக்செலில் ஏற்றியிருந்தால் இதே சோதனையை மூன்று வரியில் செய்யலாம். ஒரு வரிசையில் 176 அரை நாளும் D-யிலிருந்து FW வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
=COUNTIF(D5:FW5,"P")
=COUNTIF(D5:FW5,"A")
=COUNTBLANK(D5:FW5)
```

முதல் இரண்டும் சேர்ந்து 176 வர வேண்டும், மூன்றாவது பூஜ்யமாக இருக்க வேண்டும். முதல் இரண்டின் கூட்டல் குறைந்து, மூன்றாவதும் பூஜ்யமாகவே இருந்தால், P-க்குப் பின்னால் யாரோ ஒரு இடைவெளி தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு P மாதிரியே தெரியும், எக்செல் எண்ணாது. இப்படி ஒரு மாணவிக்கு ஒரு வாரமே காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

எக்செலில் இன்னொரு குழி, தசமம். 176-க்கு 114 வந்தவருக்கு 64.77. தசமத்தை மறைத்து வைத்திருந்தால் திரையில் 65 என்று காட்டும். நீங்கள் 65 என்று லிஸ்டில் எழுதி அனுப்புவீர்கள், அங்கே யாராவது நாட்களை வைத்து வகுத்தால் அகப்படும். அதனால் நான் சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்வதே இல்லை. முதலில் கோட்டைத் தொட எத்தனை அரை நாள் வேண்டும் என்று எண்ணி வைத்துக்கொள்வேன். 176-ல் 75 சதவீதம் சரியாக 132. 65 சதவீதம் 114.4, அரை நாளுக்குக் கீழே பின்னம் கிடையாது, ஆக 115 வேண்டும். 50 சதவீதம் 88. இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டால், யார் எங்கே என்பது வகுக்காமலே தெரியும்.

இப்போது உங்கள் 74.44. முழு எண்ணாக்கும் உரிமை உங்களுக்கும் எனக்கும் கிடையாது. விதியில் 75-க்குக் குறையக் கூடாது என்று இருந்தால் 74.96-உம் குறைவுதான். லிஸ்டில் இரண்டு தசமத்தோடு அப்படியே எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் ஓடும் படிகள் இவை. 75-உம் அதற்கு மேலும் என்றால் நேராக எழுதலாம். 65-லிருந்து 75-க்குள் என்றால் கண்டோனேஷன்: காரணம் சொல்லி விண்ணப்பம், கட்டணம், முதல்வர் பரிந்துரை, அப்புறம் எழுதலாம். 50-லிருந்து 65-க்குள் என்றால் இந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. ஆனால் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், இந்தத் தாள்களை அடுத்த முறை அரியர் மாதிரி எழுதலாம். 50-க்கும் கீழே போனால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும், பிள்ளைகள் பாஷையில் ரீடூ. உங்கள் மாணவர்கள் சேர்ந்த வருடத்துக்குரிய விதிப் புத்தகத்தை எடுத்து இந்த எண்களைச் சரிபாருங்கள். கடலூர் மாவட்டக் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலிருந்து அண்ணாமலைக்கு மாறிய பிறகும், பல துறைகளின் அலமாரியில் பழைய நகல்தான் இருக்கிறது. எல்லை தாண்டினால் இன்னும் மாறும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் கிரெடிட் முறையில் பாடம் பாடமாகவே பார்ப்பார்கள், ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் அந்தப் பாடத்துக்கு மட்டும் வருகைக் குறைவால் தோல்வி என்று `FA` விழும். அங்கே படித்த யாராவது சொன்னதை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள்.

இந்தப் படிகளைப் பார்த்தால் ஒன்று புரியும். எல்லாரும் 75-ஐப் பற்றித்தான் பேசுவார்கள், அழுவார்கள், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் 75-ல் தவறினால் போவது கொஞ்சம் பணமும் ஒரு விண்ணப்பமும்தான். 65-ல் தவறினால் போவது அந்த செமஸ்டர் பரீட்சை. 50-ல் தவறினால் போவது ஏறக்குறைய ஒரு வருடம், ஏனென்றால் அதே செமஸ்டர் திரும்ப வர அடுத்த ஆண்டுதான். ஆகவே நேரம் குறைவாக இருந்தால், 74.44-க்கு ஒதுக்கும் நேரத்தை 64.44-க்கு ஒதுக்குங்கள். நான் 65-க்கும் 50-க்கும் மேலே கீழே இரண்டு சதவீதத்துக்குள் நிற்கும் ஒவ்வொரு வரிசையையும் இரண்டு தடவை எண்ணுவேன், இரண்டாவது தடவை வேறொரு ஆளை விட்டு.

கண்டோனேஷன் என்பது பற்றி ஒரு தவறான எண்ணம் மாணவர்களிடம் மட்டுமல்ல, நம்மவர்களிடமும் உண்டு. கட்டணம் கட்டியதும் 68 சதவீதம் 75 ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. குறைவு குறைவாகவே பதிவேட்டில் இருக்கும், அதைப் பொறுத்துக்கொண்டு எழுத விடுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே கண்டோனேஷன் கொடுத்தவருக்காக பதிவேட்டில் ஒரு a-வைக் கூடத் தொடக் கூடாது. அதே போல 65-க்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணத்தை இரட்டிப்பாக வாங்கிக்கொண்டு எழுத விடலாம் என்பதும் இல்லை. முதல்வருக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் இருப்பதே அந்தப் பத்து சதவீத இடைவெளிக்குள்தான்.

இதோடு ஒட்டியது மெடிக்கல் சர்டிஃபிகேட். கடைசி வாரத்தில் எல்லாருக்கும் திடீரென்று டைபாய்டு, மஞ்சள் காமாலை. அரசு மருத்துவமனைச் சீட்டே உண்மையாக இருந்தாலும் அது வந்த நாளைக் கூட்டாது. வராத நாள் வராத நாள்தான். ஏன் வரவில்லை என்பதற்கு அது சான்று, கண்டோனேஷன் விண்ணப்பத்தோடு இணைக்க உதவும். ஆகவே 62 சதவீதம் இருப்பவர் பதினைந்து நாளுக்குச் சீட்டு கொண்டுவந்தாலும் 62-தான்.

ஓ.டி. அப்படியில்லை. கல்லூரியே அனுப்பி என்.சி.சி. முகாம், என்.எஸ்.எஸ்., விளையாட்டுப் போட்டி என்று போனவருக்கு அது வந்த நாளாகவே எண்ணப்படும். ஆனால் அதிலும் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். முகாம் ஏழு நாள் என்று சான்றிதழ் சொல்லும். அதில் ஞாயிறு ஒன்று, வேலை நாள் இல்லாத சனி ஒன்று, நடுவில் மழை விடுமுறை ஒன்று இருந்தால் உங்கள் பதிவேட்டில் அவருக்கு விழுந்திருப்பது நான்கு நாள் a-தான். நான்கைத்தான் ஓ.டி. ஆக்க முடியும். ஏழைக் கூட்டினால் வந்தவையும் வராதவையும் சேர்ந்து 88-ஐத் தாண்டிவிடும், மேலே சொன்ன சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். எந்த வருடமும் ஓ.டி. கடிதம் துறைத் தலைவர் மேஜையிலேயே தூங்கி, பதிவேட்டுக்கு வராமல் போன ஒருவராவது இருப்பார். உங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு, ஓ.டி. ஏதாவது உண்டா என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கல்லூரியில் நாள் கணக்கா, மணி கணக்கா என்பதையும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். நாளைக்கு ஐந்து மணி நேரம், காலை மூன்று, மதியம் இரண்டு என்று ஓடும் கல்லூரிகளில், காலையில் ஒரு மணி வராவிட்டாலே அந்த அரை நாளே ஆப்சென்ட் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. மணிக்கணக்கில் அதே ஆள் மூன்றில் இரண்டு வாங்கியிருப்பார். பஸ் தாமதத்தால் தினமும் முதல் மணியைத் தவறவிடும் பிள்ளைக்கு இரண்டு கணக்கிலும் பெரிய வித்தியாசம் வரும். எதுவாக இருந்தாலும் ஒரே முறை, எல்லாருக்கும். இடிப்பவருக்கு மட்டும் எது அதிகம் வருகிறதோ அதைப் போடுவது என்று ஆரம்பித்தால் முடிவே இல்லை.

திருத்தம் செய்வதில் ஒரே எச்சரிக்கை: வைட்னர் தொடாதீர்கள். தப்பான எண்ணின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி. எதை வைத்துத் திருத்தினீர்கள் என்று ஓரத்தில் ஒரு வரி: "தமிழ்த் துறைப் பதிவேடு பார்த்து" என்றால் போதும். கீழே துறைத் தலைவர் கையெழுத்து. நான் மேலே சொன்ன பையனின் வரிசையைக் கேள்வி கேட்டு மறு வாரமே ஒருவர் வந்தார். அந்த ஓரத்து வரியைக் காட்டினேன், பேசாமல் போய்விட்டார்.

லிஸ்டை அலுவலகத்துக்குக் கொடுக்கும் முன் வகுப்பில் ஒரு முறை படித்துக் காட்டுங்கள், அல்லது தற்காலிகப் பட்டியல் என்று தலைப்புப் போட்டு ஒட்டுங்கள். எத்தனை நாள், எத்தனை வந்தார், சதவீதம், மூன்றும் இருக்கட்டும். சதவீதம் மட்டும் எழுதி ஒட்டினால் யாராலும் சரிபார்க்க முடியாது. வந்த நாட்களையும் எழுதினால் பிள்ளைகளே "மேடம், நான் அந்த சனிக்கிழமை வந்தேன்" என்று வருவார்கள். பாதி பிழை அவர்களே கண்டுபிடித்துத் தருவார்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு இதே பேச்சை ஆரம்பித்தால் பல்கலைக்கழகம் வரை கடிதம் போக வேண்டியிருக்கும்.

உங்கள் மூன்று பேருக்கு வருவோம். அலுவலகம் 88 என்று எழுதிக் கொடுத்து, கூட்டலும் இடிக்காமல் இருந்தால்: அந்தப் பெண்ணுக்கு 66 நாள் போதும், 67 இருக்கிறது, அவள் பெயர் லிஸ்டிலேயே வர வேண்டாம். 64.44 பையனுக்கு 57.5 வேண்டும், 58 இருக்கிறது. அரை நாள்தான் மிச்சம், அதனால் அவன் வரிசையை இன்னொருவரை வைத்து எண்ணி, இன்றைக்கே கண்டோனேஷன் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். கட்டணத் தேதி போய்விட்டால் இந்த உழைப்பெல்லாம் வீண். அலுவலகம் இல்லை, 90-உம் நடந்தது என்று தேதியோடு காட்டினால், அவனுக்கு 58.5 தேவைப்படும், அரை நாள் குறைகிறது. அந்த நிலையில் ஓ.டி.யோ வெறும் கட்டமோ இல்லையென்றால் அவன் இந்த முறை எழுத முடியாது, அந்தப் பெண்ணும் கண்டோனேஷனுக்குப் போவாள்.

மூன்றாமவனுக்கு 88-க்கு 44 நாள் வேண்டும், 43 இருக்கிறது. ஒரே ஒரு நாள் ஒரு வருடத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், லிஸ்டில் அவன் பெயரை எழுதும் முன் a-க்களை எண்ணுங்கள். 45 இருக்க வேண்டும். 44 இருந்தால் ஒரு நாள் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, பக்கம் திரும்பும் இடங்களிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.